கையைச் சுருக்கும் கணக்கு

‘இந்தியா விக்ஸ் 20-ஐத் தாண்டினால் கையில் இருப்பதில் பாதியை விற்றுவிடு, 20-க்குக் கீழே வந்தால் திரும்ப வாங்கு.’ நிஃப்டியில் வியாபாரம் செய்யும் பலரிடம் ஸ்விட்ச் போல இப்படி ஒரு விதி உண்டு. எளிமையாக இருக்கிறது, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த விதியின் முதல் பாதியில் நம்பிக்கை உண்டு. சிக்கல் எல்லாம் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

விக்ஸ் சந்தை எந்தப் பக்கம் போகும் என்று சொல்வதில்லை. நிஃப்டி ஆப்ஷன்களுக்கு மக்கள் இன்று என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்து, அடுத்த 30 நாளில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதை வருடக் கணக்கில் சொல்லும் எண் அது. பயந்தவர்கள் புட் வாங்க முண்டியடிக்கும்போது அந்த விலை ஏறும், விக்ஸும் ஏறும். வருடக் கணக்கை நாள் கணக்காக்க 16-ஆல் வகுத்தால் போதும். வருடத்தில் சந்தை நடக்கும் நாட்கள் சுமார் 252, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. விக்ஸ் 16 என்றால் வழக்கமாக நாளொன்றுக்கு ஒரு சதவீதம் வரை ஏறலாம், இறங்கலாம் என்று பொருள். 32 என்றால் இரண்டு சதவீதம்.

இதை வைத்துக்கொண்டு கையின் அளவை முடிவு செய்யலாம். பத்து லட்சம் ரூபாய் இருக்கிறது, சாதாரணமான ஒரு நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்டம் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம்.

```
அளவு = 10,000 ÷ (விக்ஸ் ÷ 1600)
```

விக்ஸ் 16-ல் பத்து லட்சம் முழுவதையும் போடலாம். 23-ல் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 60-ல் 2.67 லட்சம். விக்ஸ் 10-க்கு இறங்கினால் இதே கணக்கு பதினாறு லட்சம் போடு என்று சொல்லும். அதைக் கேட்கக் கூடாது. 2024 ஏப்ரல் 23 அன்று விக்ஸ் 10-ஐ ஒட்டி வந்தது. ஆறு வாரத்தில் என்ன நடந்தது என்று கீழே பார்ப்போம். பத்து லட்சம்தான் உச்சவரம்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும்.

முதலில் 2020. பிப்ரவரி கடைசியில் விக்ஸ் 20-ஐத் தாண்டியது. 28-ஆம் தேதி நிஃப்டி 11,201-ல் முடிந்தது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 12.98 சதவீதம் சரிந்து 7,610-ல் நின்றது. அதற்கு முந்தைய முடிவிலேயே விக்ஸ் 60-ஐத் தாண்டியிருந்தது. நம் கணக்கின்படி அன்று கையில் 2.67 லட்சத்துக்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும், நஷ்டம் 35,000-க்குள். முழுக் கையோடு இருந்தவருக்கு அதே நாளில் 1.3 லட்சம் போயிருக்கும். ஃபியூச்சர் எடுத்திருந்தால் இன்னும் மோசம். ஏனென்றால் ஆட்டம் கூடும்போது மார்ஜினும் கூடுகிறது. நஷ்டமும் கூடுதல் மார்ஜினும் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டும்.

இதுவரை ஸ்விட்ச் நன்றாக வேலை செய்தது. திரும்ப எப்போது போடுவது? 20-க்குக் கீழே என்று காத்திருந்தவருக்கு ஆகஸ்டு வரை வழி பிறக்கவில்லை. அதற்குள் நிஃப்டி 11,000-க்கு மேலே வந்துவிட்டது. ஏறத்தாழ விற்ற விலைக்கே திரும்ப வாங்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த ஸ்விட்ச் சம்பாதித்துத் தரும் என்று நினைப்பவர் ஏமாறுவார். அது கொடுத்தது வேறு: நடுவே கடனுக்கும் மார்ஜினுக்கும் பயந்து அடிவிலையில் விற்காமல் தப்பிக்கும் வாய்ப்பு. கடன் வாங்காமல் நீண்ட காலத்துக்கு முதலீடு செய்பவருக்கு இது பெரிய லாபமில்லை. சும்மா இருந்தாலே அவர் அதே இடத்துக்கு வந்திருப்பார். இரவல் பணத்தில் நிற்பவருக்கு இது உயிர் பிழைக்கும் விஷயம்.

இப்போது 2024. தேர்தல் நடக்க நடக்க விக்ஸ் ஏறி மே மாதம் 20-ஐத் தாண்டியது. ஜூன் 3, கருத்துக்கணிப்புகளின் உற்சாகத்தில் நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263-ல் முடிந்தது. விக்ஸ் இறங்கி 21-க்கு அருகே வந்தது. நம் கணக்கில் அன்று மாலை கையில் 7.6 லட்சம். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி 5.93 சதவீதம் விழுந்து 21,884. நஷ்டம் 45,000 ரூபாய். பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஆரம்பித்த கணக்கு! முழுப் பத்து லட்சமும் போட்டிருந்தால் 59,300 போயிருக்கும், அந்த வகையில் கொஞ்சம் மிச்சம்தான். ஆனால் நாளொன்றுக்கு 1.3 சதவீதம் என்று எதிர்பார்த்த சந்தை அதைப்போல் நாலரை மடங்கு நகர்ந்தது. விக்ஸ் சொல்வது வழக்கமான ஆட்டத்தை; வரம்பை அல்ல. தேதி குறித்து வரும் நிகழ்ச்சிகளில் இது இன்னும் பொருந்தாது. 30 நாளுக்கான பயத்தை அது பரப்பிக் காட்டுகிறது. பயம் முழுவதும் ஒரே நாளில் குவிந்திருப்பதைத் தினக் கணக்காக வகுக்கும்போது நாம் தொலைத்துவிடுகிறோம். தேர்தல் முடிவு, பட்ஜெட் போன்ற நாளுக்கு முந்தைய மாலையில் விக்ஸைப் பார்க்காமல் கையைப் பாதியாக்கிவிடுவதே என் யோசனை.

வாக்கு எண்ணிய அதே ஜூன் 4 அன்று இன்னொரு வகைத் தவறும் நடந்திருக்கும். பகலில் விக்ஸ் 31-ஐத் தாண்டி நின்றது. திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் விற்றவர்கள், அடிமட்டத்துக்குப் பக்கத்தில் விற்றார்கள். மாலையில் விக்ஸ் 27-க்குக் கீழே இறங்கிவிட்டது. மறுநாள் 20-க்கும் கீழ், நிஃப்டி 3.36 சதவீதம் ஏறியது. ஜூன் 7 அன்று 23,290-ல் முடிந்து, ஜூன் 3-ஐயே தாண்டியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க விக்ஸ் பகலுக்கு முன்பே 65-ஐத் தொட்டது, முடிவில் 38. அங்கே சந்தை முறையாகத் திறப்பதற்கு முன், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஆப்ஷன்களில் பெரிய இடைவெளி இருந்தது, அதுவே எண்ணை ஊதிக் காட்டியது. ஆகவே முடிவு விலையில் மட்டும் ஸ்விட்சைத் தொடுவது நல்லது.

குறைப்பதும் கூட்டுவதும் ஒரே வேகத்தில் நடக்கக் கூடாது என்பது அடுத்தது. மாலை முடிவில் விக்ஸ் ஏறியிருந்தால் அன்றே குறைக்கலாம். கூட்டுவதற்கு ஐந்து நாள் சராசரியைப் பார்க்கலாம். ஜூன் 4 முடிவின்படி கை ஆறு லட்சமாகியிருக்கும்; மறுநாள் ஏற்றத்தில் சுமார் 20,000 வந்திருக்கும். குறைக்காமல், நஷ்டம் போக மிஞ்சிய 7.15 லட்சத்தோடு இருந்தால் 24,000. இந்த நாலாயிரம் அளவிலான வித்தியாசம்தான் ஸ்விட்சின் விலை. தினமும் ஏற்றி இறக்கினால் புரோக்கரேஜும் வரியும் சேர்ந்து அந்த விலையைக் கூட்டும்.

கடைசியாக, யாரால் இதைச் செய்ய முடியும் என்பது. நிஃப்டி ஃபியூச்சரில் ஒரே ஒரு லாட் வைத்திருப்பவருக்கு ஆறு லட்சம், ஏழு லட்சம் என்றெல்லாம் குறைக்க வழியில்லை. 2024 நவம்பரிலிருந்து செபி ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பைப் பதினைந்து லட்சமாக உயர்த்திவிட்டது. அவருக்கு இருப்பது இரண்டே நிலைகள்தான்: ஒன்று, பூஜ்யம். நிஃப்டி இடிஎஃப் வைத்திருப்பவர் சில நூறு ரூபாய்க்குக் கூட அளவைச் சரிசெய்யலாம். ஃபியூச்சர்காரர் லாட்டை விடாமல் ஒரு புட் வாங்கிக் காப்பு போடலாம்தான். ஆனால் விக்ஸை ஏற்றியது அந்தப் புட்டின் விலைதான். ஸ்விட்ச் அடித்த பிறகு கடைக்குப் போனால் அவர் ஏறிய விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.