சலுகைக் காலத்தின் வட்டி

மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியும் அரச பல்கலைக்கழக அனுமதி கிட்டாத பிள்ளைகளுக்கு இரு கடன் வழிகள் உள்ளன. ஒன்று, 2017இல் அரசு தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம். அங்கீகரிக்கப்பட்ட அரசுசாரா நிறுவனங்களில் பட்டம் பயில்வோருக்கான அதன் வட்டியை அரசே ஏற்கிறது. மற்றொன்று வங்கிகளின் சாதாரணக் கல்விக் கடன். இரண்டிலும் 'படிப்பு முடியும்வரை தவணை இல்லை' என்றே சொல்லப்படுகிறது. பெற்றோர் இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பெருந்தவறு. முதலாவதில் அக்காலத்தில் கடன் வளர்வதில்லை. இரண்டாவதில் தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 2 இலட்சம் ரூபாவாக 8 இலட்சம் பெறப்படுகிறது. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். படிப்பின் பின் ஓராண்டு சலுகைக் காலம். முதலில் பெற்ற 2 இலட்சம் ஐந்தாண்டு வட்டி சுமக்கும். இறுதியாகப் பெற்றது ஈராண்டு சுமக்கும். தனிவட்டியாகக் கணக்கிட்டாலே மொத்தம் 3,36,000 ரூபா. அவ்வட்டியை ஆண்டுதோறும் முதலோடு சேர்ப்பது வங்கியின் வழக்கமாயின், தவணை தொடங்கும் நாளில் கடன் ஏறத்தாழ 12 இலட்சமாகி நிற்கும். அதை ஐந்தாண்டில் அடைக்க மாதம் 26,700 ரூபா அளவில் வேண்டும். வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தாலோ மாதத் தவணை 17,800 ரூபாவோடு முடியும்.

அவ்வாறு கட்டுவதற்கு முதலாண்டில் மாதம் 2,000 ரூபா போதும். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது ஒன்றரை நாள் உழைப்பு. நான்காம் ஆண்டில் அதுவே 8,000 ரூபா, அதாவது ஆறு நாள் உழைப்பாகிறது. கொழுந்து குறையும் மாதங்களில் பெயர் போடும் நாட்களும் குறையும் குடும்பத்துக்கு இது எளிதன்று. அதை மறைத்து அறிவுரை கூற நாம் விரும்பவில்லை. முழுவதும் இயலாதெனில், முதலாண்டு வட்டியையாவது விடாது கட்டுவது நன்று. தொகை சிறிது; ஆனால் விடுபட்டால் அதுவே நெடுங்காலம் வட்டிக்கு வட்டி ஈட்டும்.

மாறும் வட்டி வீதம் இக்கணக்கையே புரட்டக்கூடும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முடிவில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதை மறத்தலாகாது. எனவே ஒப்பந்தத்தில் வீதம் நிலையானதா, மாறுவதா என்பதைப் பார்த்தல் வேண்டும்.

பட்டம் பெற்றதும் வேலை உடனே கிட்டும் என்று எண்ணித் தவணையை வகுப்பதும் பிழை. முதற்சம்பளத்தில் வாடகை, உணவு, வீட்டுக்கு அனுப்புவது ஆகியவை போக எஞ்சுவதே தவணைக்குரியது. அது போதாதென்று தெரிந்தால், தவணை தவறும் முன்பே வங்கியை அணுகிக் காலத்தை நீட்டிக் கேட்க வேண்டும். தவறிய பின் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் அது ஏறும். பிணை நின்றவரையும் வங்கி தேடி வரும்.

பதுளை மாவட்ட வங்கிக் கிளைகளுக்கு நாம் விடுக்கும் கோரிக்கை ஒன்றே. ஒப்பமிடுமுன், சலுகைக் கால முடிவில் கடன் எவ்வளவாகும் என்பதையும் அப்போதைய மாதத் தவணையையும் தமிழில் எழுதி, பெற்றோர் கையில் கொடுங்கள். கொடுக்க மறுத்தால், பெற்றோரே, கையொப்பமிடாதீர்கள்.