அந்த ஒரு கடிதம் எங்கே போயிற்று?

ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கிறான் என்று யாராவது நினைத்தால் ஒரு வேலையைத் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படித்தான் தி.நகரில் இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையின் மெயில் சர்வர் என் பொறுப்புக்கு வந்தது. ஐந்து பேருக்கான அஞ்சல் பெட்டிகள். அலமாரி மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். தினமும் இரவு பதினொரு மணிக்கு இன்னொரு டிஸ்கில் பேக்கப். "எல்லாம் பத்திரம்" என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. நான் பதறவில்லை. புது டிஸ்க் வாங்கி, ஞாயிறு இரவுப் பேக்கப்பைத் திருப்பிப் போட்டேன். மத்தியானம் பொருளாளர் கூப்பிட்டார். "சார், ஆடிட்டர் சனிக்கிழமை அனுப்பின கணக்கு மெயிலைக் காணோமே. நேத்து ராத்திரி இருந்துதே!"

சனிக்கிழமை வந்த கடிதம், ஞாயிறு இரவுப் பேக்கப்பில் இல்லை! இது எப்படி என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

எங்கள் சர்வரில் கடிதங்கள் மெயில்டிர் முறையில் இருக்கின்றன. ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. புதிதாக வந்தது `new` என்ற அடைவில் இருக்கும். நீங்கள் பெட்டியைத் திறந்ததும் அது `cur` அடைவுக்கு இடம் மாறும். படித்துவிட்டால் பெயரின் கடைசியில் `:2,S` என்று ஒட்டிக்கொள்ளும். அதாவது கடிதம் ஓரிடத்தில் உட்காராது. நாம் தொடத் தொட இடமும் பெயரும் மாறும்.

பேக்கப் எடுக்கும் `rsync` அகர வரிசையில் போகிறது. முதலில் `cur`, பிறகு `new`. பொருளாளரின் `cur` அடைவில் நாற்பதாயிரம் கடிதங்கள். அதைப் பட்டியல் போட்டு நகர்ந்த பிறகு, `new` அடைவுக்கு வருவதற்குள், அவர் செல்போனில் பெட்டியைத் திறந்திருக்கிறார். பதினொரு மணி வாக்கில் பார்த்ததாக அவரே சொன்னார். கடிதம் `cur` அடைவுக்குத் தாவிவிட்டது. அங்கே பட்டியல் முடிந்துவிட்டது. இங்கே வந்து பார்த்தால் ஆளில்லை. இரண்டிலும் தவறிப்போயிற்று.

அதோடு விட்டதா? நான் `--delete` வேறு போட்டிருந்தேன். "மூலத்தில் இல்லாததை நகலிலும் அழி" என்று அதற்கு அர்த்தம். சனிக்கிழமை இரவு பத்திரமாக ஏறியிருந்த பிரதியை ஞாயிறு இரவு அதுவே அழித்துவிட்டது. பட்டியலில் இருந்த கோப்பு நடுவில் மறைந்தால் `rsync` எச்சரிக்கும், 24 என்ற எண்ணோடு முடியும். பட்டியலிலேயே வராத கோப்புக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. மறுநாள் பேக்கப்பில் தானாகவே சரியாகியிருக்கும். அந்த மறுநாள்தான் வரவில்லை.

இப்போது அதிகாலை மூன்று மணிக்கு இப்படிச் செய்கிறேன்:

```
rsync -a /var/vmail/ /backup/vmail/
systemctl stop postfix dovecot
rsync -a --delete /var/vmail/ /backup/vmail/
systemctl start dovecot postfix
```

முதல் வரி சர்வர் ஓடும்போதே பெரும்பகுதியை நகலெடுக்கிறது. பிறகு சர்வரை நிறுத்தி, மிச்சத்தைச் சரிசெய்கிறது. இதற்கு எங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. "அந்த நேரத்தில் வரும் மெயில்?" என்று கேட்பீர்கள். அனுப்பும் சர்வர் அதை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக ஐந்து நாள் வரை விடாது. ஆகவே ஒன்றும் தொலையாது.

என் கட்சி இதுதான்: திருப்பிப் போட்டுப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்றே சொல்லக்கூடாது. மாதம் ஒருமுறை, ஒரு பழைய லேப்டாப்பில் டவ்காட் மட்டும் போட்டு, நகலை அதில் ஏற்றுகிறேன். மூன்று விஷயம் பார்ப்பேன். சர்வரை நிறுத்தியிருந்தபோது எண்ணி வைத்த கோப்புகளின் எண்ணிக்கையும் இங்குள்ளதும் ஒன்றா? பழைய கடிதம் ஒன்று இணைப்போடு திறக்கிறதா? கடிதம் வந்த தேதி பழைய தேதியாகவே இருக்கிறதா? `-a` இல்லாமல் நகலெடுத்தால் எல்லாக் கடிதமும் இன்று வந்ததாகக் காட்டும்.

முதல் ஒத்திகையிலேயே ஒரு தப்பு அகப்பட்டது. `dovecot-uidlist` என்ற கோப்பை வேண்டாத குப்பை என்று விலக்கி வைத்திருந்தேன். அது இல்லாததால் ஈமெயில் செயலி எல்லாக் கடிதத்தையும் மறுபடி முதலிலிருந்து இறக்க ஆரம்பித்தது. இப்போது அதையும் சேர்த்துத்தான் எடுக்கிறேன்.

இன்னொன்று. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்தில் தரைத்தளங்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்கும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே குளிக்கும். வாரம் ஒரு நகல் மயிலாப்பூரில் என் வீட்டு மூன்றாவது மாடிக்கு வந்துவிடுகிறது. அதை விண்டோஸ் டிஸ்கில் அப்படியே போட முடியாது. கோப்புப் பெயரில் உள்ள முக்காற்புள்ளியை அது ஏற்காது. `tar` கட்டாகக் கட்டித்தான் போடவேண்டும்.

ஆடிட்டர் அந்த மெயிலை மறுபடி அனுப்பிவிட்டார். "என்ன சார், தொலைச்சுட்டேளா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் பிரதி இருந்ததால் பிழைத்தேன். என்னிடம் இருந்ததால் அல்ல.