சரக்கு விற்ற பிறகு வந்து சேரும் பில்

சென்னை பாரிமுனையில் சீனச் சரக்கைச் சிறிய அளவில் தருவித்து விற்கும் வியாபாரிகளுக்கு ஒரே சரக்குக்கு மூன்று காகிதங்கள் வருகின்றன. மூன்றும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் விற்றவரின் இன்வாய்ஸ் வரும். கப்பல் வரும் சமயத்தில் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி. கடைசியாக, பல வேளைகளில் பாதிச் சரக்கு கைமாறிய பிறகு, ஃபார்வர்டரின் பில். "அண்ணே, அடுத்த வாரம் அனுப்பிடுறோம்" என்று சொல்லிச் சொல்லியே அது தள்ளிப்போகும். கடைக்காரர் அதுவரை காத்திருக்க முடியுமா? இன்வாய்ஸ் விலையோடு குத்துமதிப்பாக ஏதோ சேர்த்து விலை வைத்து விற்கிறார். அடக்கவிலை என்னவென்று தெரியாமலேயே வியாபாரம் நடக்கிறது.

முழு கன்டெய்னர் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. பிறர் சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஐந்து, பத்து கன மீட்டர் இடம் பிடிப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். கப்பல் கட்டணத்தைக் குறைத்துச் சொல்லி சரக்கைப் பிடித்துவிட்டு, இங்கே இறங்கிய பிறகு 'லோக்கல் சார்ஜ்' என்ற பெயரில் வசூலித்துக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த வழக்கம். கப்பல் பிடிக்கும் வேலையை விற்பவரிடமே விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இங்கே பணம் கட்டுபவருக்கு அந்த ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுத்ததில் பங்கே கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்காரர் 1,000 கத்தி செட்டுகளும் 2,000 பிளாஸ்டிக் கூடைகளும் தருவிக்கிறார் என்று வையுங்கள். கத்தி செட் ஒன்று 300 ரூபாய், கூடை ஒன்று 50 ரூபாய். இன்வாய்ஸ் மொத்தம் 4 லட்சம். கத்திப் பெட்டிகள் அடைக்கும் இடம் 2 கன மீட்டர். கூடைகளோ 8 கன மீட்டர். கப்பல் கட்டணமும் காப்பீடும் 40,000 ரூபாய், சென்னையில் இறக்கிக் கிடங்கில் வைத்து எடுத்துவரும் செலவு 40,000 ரூபாய்.

முதலில் சுங்கம். இதைப் பங்கிட நாம் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பில் ஆஃப் என்ட்ரியிலேயே வரிக்கு வரி இருக்கிறது. கத்திக்கு அடிப்படை வரி 10 சதவீதம், கூடைக்கு 20 என்று வைத்துக்கொண்டால், அந்த வரியின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து கத்திக்கு 36,300 ரூபாய், கூடைக்கு 24,200 ரூபாய் ஆகிறது. கப்பல் கட்டணம் சேர்த்த மதிப்பின்மேல்தான் இந்த வரி. அதே காகிதத்தில் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 90,090 ரூபாய் இருக்கும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடைக்காரருக்கு அது உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கும் என்பதால் அடக்கவிலையில் சேராது. சுங்கத்துக்குக் கட்டிய மொத்தத்தையும் சரக்கின் தலையில் ஏற்றி, "எனக்கே அடக்கம் ஆகலை" என்று புலம்பும் கடைகளும் உண்டு.

சிக்கல் கப்பல் கட்டணமும் சென்னைச் செலவும் சேர்ந்த அந்த 80,000 ரூபாயில்தான். ஃபார்வர்டர் பில்லில் பொருள்வாரி விவரம் இருக்காது, ஒரே தொகை. கணக்குப்பிள்ளை அதை விலை விகிதத்தில் பிரிப்பார், அதுதான் எளிது. கத்தி முக்கால் பங்கு, 60,000. கூடை கால் பங்கு, 20,000. இதன்படி கத்தி செட்டின் அடக்கவிலை 396 ரூபாய் 30 காசு, கூடைக்கு 72 ரூபாய் 10 காசு. கூடையை 85 ரூபாய்க்கு விற்கும் கடைக்காரர் ஒன்றுக்குப் பதின்மூன்று ரூபாய் கிடைப்பதாக நினைத்துக்கொள்கிறார்.

ஆனால் ஃபார்வர்டர் கட்டணம் போட்டது இடத்துக்கு. எதை வைத்துப் பில் வந்ததோ அதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கன மீட்டருக்கு 8,000 என்றால் கத்திக்கு 16,000, கூடைக்கு 64,000. இப்போது கத்தி செட் 352 ரூபாய் 30 காசு, கூடை 94 ரூபாய் 10 காசு. 85 ரூபாய்க்கு விற்ற ஒவ்வொரு கூடையிலும் ஒன்பது ரூபாய் நட்டம். கூடை வேகமாகக் காலியாகிறது, கத்தி தேங்கி நிற்கிறது, வருடக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று தெரியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். (கனமான இரும்புச் சாமானுக்கு எடைக்குத்தான் கட்டணம் போட்டிருப்பார்கள், அப்போது எடைவாரியாகப் பிரிக்க வேண்டும்.)

இதற்குமேல் தாமதம் வேறு. 1,500 கூடைகள் விற்ற பிறகு இன்னொரு 10,000 ரூபாய்க்குக் கிடங்கு பில் வருகிறது. கூடையின் பங்கு 8,000, ஒன்றுக்கு நான்கு ரூபாய். விற்றுப்போன 1,500-க்குரிய 6,000 ரூபாயை விற்ற சரக்கின் செலவில் எழுதிவிட வேண்டும். மீதி 500-க்குரிய 2,000 மட்டும்தான் கையிருப்பில் ஏறலாம். கிடக்கும் சரக்கின் தலையிலேயே மொத்தத்தையும் கட்டினால் கூடைக்குப் பதினாறு ரூபாய் ஏறி, கையிருப்பு மதிப்பு பொய்யாக வீங்கும். அந்தக் கிடங்கு பில் காகிதத் தாமதத்தால் வந்த டெமரேஜ் என்றால் அடக்கவிலையில் ஒரு காசும் சேரக்கூடாது. அது அந்த மாதச் செலவு.

கடைக்காரர் தன் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சரக்கு உள்ளே வரும் அன்றே, ஃபார்வர்டர் வாயால் சொன்ன தொகையை 'வர வேண்டிய சரக்குக் கட்டணம்' என்ற கணக்கில் அந்த பில் ஆஃப் லேடிங் எண்ணோடு வைத்து, இடவாரியாகப் பிரித்து அடக்கவிலையில் ஏற்றிவிடலாம். உண்மை பில் வந்ததும் வித்தியாசத்தை மட்டும் சரிசெய்தால் போதும். அந்தக் கணக்கில் எந்த எண்ணுக்கு எதிரே பாக்கி நிற்கிறதோ, அந்தச் சரக்கின் பில் இன்னும் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் வாயால் சொன்ன தொகைக்கும் வரும் பில்லுக்கும் சம்பந்தமே இல்லாதபோது இந்த ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? சுங்கத்துறையும் இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது. கப்பல் கட்டணம் இவ்வளவுதான் என்று காட்ட முடியாத இறக்குமதியாளருக்கு, 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி சரக்கு விலையில் 20 சதவீதத்தைக் கட்டணமாக எடுத்துக்கொண்டு வரி போடுகிறார்கள். நம் கணக்கில் அது 80,000. கப்பலுக்கு உண்மையில் ஆனதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தப்பு ஒருவருடையது, கூடுதல் வரி இன்னொருவருக்கு.

சுங்கப் பகுதியில் சரக்கைக் கையாளும் கிடங்குகள் தங்கள் கட்டணப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், இணையத்திலும் போட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. கிடங்குக்கும் வியாபாரிக்கும் நடுவில் நின்று பில் போடும் ஃபார்வர்டருக்கும் இதே கடமை வேண்டும். கன மீட்டருக்கு இவ்வளவு, டெலிவரி ஆர்டருக்கு இவ்வளவு என்று சரக்கு ஏறுவதற்கு முன்பே எழுத்தில் தரவேண்டும். சரக்கை விடுவிக்கும் நாளிலேயே, எத்தனை கன மீட்டர் என்ற விவரத்தோடு ஒரே பில்லாகக் கொடுத்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் 'விட்டுப்போன' பில்லுக்கு வியாபாரி பொறுப்பில்லை என்றும் எழுதி வைக்க வேண்டும்.

ராஜாஜி சாலை சுங்க இல்லத்தில் வணிகர்களோடு பேசுவதற்கென்றே நிரந்தர வர்த்தக வசதிக் குழு இருக்கிறது. வியாபாரிகள் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடம் கடந்த ஓராண்டின் பில்களைத் திரட்டி, சொன்ன கட்டணம் ஒரு பக்கம், கட்டிய கட்டணம் ஒரு பக்கமாக அடுக்கி, அடுத்த கூட்டத்திலேயே அந்த மேசைமீது வைக்கட்டும்.