இன்ஃபில்லை ஏத்தாதீங்க, மாடலைப் படுக்க வைங்க

பிரிண்ட் எடுத்த பார்ட் உடைஞ்சா நம்ம காலேஜ்ல எல்லாரும் செய்யற முதல் வேலை, ஸ்லைசரைத் திறந்து `Infill Density`யை 20-லிருந்து 80 ஆக்குவதுதான். என் கருத்து: பெரும்பாலும் அது நேரத்துக்கும் ஃபிலமெண்டுக்கும் தண்டம். எந்தப் பக்கம் தரையில் உட்கார வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் சுவரின் தடிமன். சப்போர்ட் கடைசி. இன்ஃபில் அதற்கும் பின்னால்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். பாலவாக்கத்தில் கடலுக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காத்துல பால்கனி இரும்பு எப்படித் துருப்பிடிக்கும்னு. அங்கே துணி காயப்போடும் கம்பியைத் தாங்க ஒரு எல் வடிவ பிராக்கெட் வேண்டும். சுவரோடு ஒட்டும் கால் 60 மி.மீ, வெளியே நீளும் கை 50 மி.மீ, அகலம் 20 மி.மீ, தடிமன் 5 மி.மீ.

பார்த்ததும் கை என்ன செய்யும்? கையைத் தட்டில் கிடத்தி, காலை மேலே நிமிர்த்தி வைக்கும். சப்போர்ட் வேண்டாம், பார்க்கவும் அழகு. ஆனா ஈரத்துணி தொங்கினதும் மூலைக்குப் பக்கத்துல பட்டுனு போயிடும். ஏன்னா காலின் லேயர்கள் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கை கீழே இழுக்கும்போது மூலையில் வரும் வளைவு விசை, அந்தப் பக்கங்களைப் பிரிக்கப் பார்க்கிறது. ஒரு லேயருக்குள் ஓடும் இழை பலமானது. இரண்டு லேயருக்கு நடுவில் இருக்கும் ஒட்டுதான் பலவீனம்.

உடைந்த முகத்தைப் பாருங்கள், அதுவே சொல்லும். கத்தியால் வெட்டினது போல் தட்டையாக, கோடு கோடாக இருந்தால் லேயர் பிரிந்திருக்கிறது. அப்போ குத்தம் வைத்த திசையில். கரடுமுரடாக, வெளுத்துப் போய் கிழிந்திருந்தால் பிளாஸ்டிக்கே தோற்றிருக்கிறது. அப்போதான் தடிமனைப் பற்றி யோசிக்கணும்.

இப்போ அதே பிராக்கெட்டைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தட்டில் முழு எல் வடிவம் தெரியும். உயரம் வெறும் 20 மி.மீ, 0.2 மி.மீ லேயரில் 100 லேயர். நிமிர்த்தி வைத்தால் 300. ஒவ்வொரு லேயரிலும் இழை மூலையைச் சுற்றி வளைந்து, காலிலிருந்து கைக்குப் போகிறது. இங்கேயும் சப்போர்ட் தேவையில்லை. ஒரே ஒரு விலை உண்டு: ஸ்க்ரூ ஓட்டைகள் படுத்த நிலையில் வரும், மேல் வளைவு லேசாகத் தொங்கும். ஒரு டிரில் பிட்டை உள்ளே விட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்து சுவர். 0.4 மி.மீ நாசிலில் `Wall Line Count` 2 என்றால், ஒரு பக்கத்துக்கு 0.8 மி.மீ கெட்டி. 5 மி.மீ தடிமனில் நடுவே 3.4 மி.மீ இன்ஃபில்தான். ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் எழுதின `bh³/12` ஞாபகம் இருக்கா? அதில் நடுப்பகுதியைக் கழித்துப் பாருங்கள். இன்ஃபில்லை முழுசா மறந்தாலும், இரண்டு கோட்டிலேயே கெட்டியான துண்டின் விறைப்பில் கிட்டத்தட்ட 69 சதவீதம் வந்துவிடும். நாலு கோடு போட்டால் 95. வளைவில் சுமையைத் தாங்குவது வெளித்தோல்தான். நடுவில் இருப்பது தோலைப் பிடித்து வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. அதற்கு 20 சதவீதமே போதும்.

சப்போர்ட்டுக்கு வருவோம். கம்பி நழுவாமல் இருக்க, கையின் நுனியில் இரண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்கற மாதிரி ஒரு தடுப்பு வைக்கிறீர்கள் என்று வையுங்கள். இப்போது படுக்க வைத்தால் உடம்பே அந்தரத்தில் நிற்கும். உடனே திரும்ப நிமிர்த்தத் தோணும். வேண்டாம். தடுப்பு ஒரு பக்கம் மட்டும் போதுமா என்று பாருங்கள். போதும் என்றால் அதை மேல்பக்கம் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. இரண்டும் வேண்டும் என்றால் சப்போர்ட்டைப் போட்டுத்தான் ஆகணும். பிய்த்தெடுத்த இடம் கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும், அவ்வளவுதான். உப்புத்தாளில் தேய்த்தால் போகும் குறை அது. லேயர் பிரிந்தால் தேய்க்க எதுவும் மிஞ்சாது.

இதற்கும் எல்லை உண்டு. பி.எல்.ஏ 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். சித்திரை வெயில் நேரா அடிக்கிற சுவரில், என்ன திசையில் வைத்தாலும் கை மெல்லத் தொங்கும். அங்கே பி.இ.டி.ஜி போடுங்கள்.

அடுத்த தடவை `Slice` பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: இந்த பார்ட்டை எது, எந்தப் பக்கம் இழுக்கப் போகுது? இழுக்கிற திசையிலேயே இழை ஓடணும். அதுக்கு ஒத்துவராத நிலை எவ்வளவு சீக்கிரம் பிரிண்ட் ஆனாலும் வேண்டாம்.