பழைய கொப்பியும் புதிய பக்கமும்

மலைநாட்டிலே பாடக்கொப்பி எழுதியவர்க்கு மாத்திரம் உரிய பொருளன்று. உடப்புசல்லாவைத் தோட்டப் புறங்களில் அண்ணன் எழுதியது தங்கைக்கும், பின்னர் அடுத்த லயத்துப் பிள்ளைக்கும் செல்லுதல் வழக்கம். நல்ல வழக்கமே. ஆயினும், கொடுக்குமுன் அக்கொப்பியைத் திருத்தியமைத்துக் கொடுத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அதற்குக் காரணமான நிகழ்ச்சியொன்றைக் கூறுவாம்.

மாணவி ஒருத்தி தன் தமையனின் இலக்கணக் கொப்பியைக் கொண்டு குற்றியலுகரம் படித்து வந்தாள். நாடு, எஃகு, வரகு, கொக்கு, சங்கு, மார்பு என ஆறு வகைக்கும் உதாரணங்களைத் தடையின்றி ஒப்பித்தாள். "நடு என்பது எவ்வகை?" என வினவினோம். "உயிர்த்தொடர், ஐயா" என்றாள். அது குற்றியலுகரமே அன்று. கொப்பியை வாங்கிப் பார்த்தோம். பட்டியலின் மேலே, "தனிக்குறில் – அல்ல" என இரண்டு சொற்கள் மாத்திரம் இருந்தன. பாடத்தைக் காதாற் கேட்ட தமையனுக்கு அவ்விரு சொற்களே போதுமாயிருந்தன; கேளாத தங்கைக்கு அவை ஒன்றையும் உணர்த்தவில்லை.

இக்குறையை நீக்குதற்கு ஏற்ற பக்க அமைப்பொன்று உண்டு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வால்டர் போக் வகுத்தது. 1962இல் வெளிவந்த தமது நூலால் அதனை யாவரும் அறியச் செய்தார். பக்கத்தின் அடியில் 2 அங்குலம் விட்டுக் குறுக்கே ஒரு கோடு. அதன் மேல், இடப்புறம் இரண்டரை அங்குலம் விட்டு நெடுக்கே ஒரு கோடு. வலப்புறம் குறிப்புக்கு, இடப்புறம் வினாக் குறிப்புக்கு, அடிப்பகுதி சுருக்கத்துக்கு. சிறிய கொப்பியில் இடம் போதாதாயின், இடப்பக்கம் முழுவதையும் வினாவுக்கும் வலப்பக்கத்தைக் குறிப்புக்கும் ஒதுக்கலாம்.

மேற்கூறிய மாணவியைக் கொண்டே அப்பாடத்தைப் புதுக்குவித்தோம். முதலில் அறுந்து கிடந்த வரியை முழு வாக்கியமாக்கினோம். நினைவில் இல்லாததை ஊகித்து நிரப்புதல் ஆகாது. அவ்விடத்தில் வினாக்குறியிட்டு, பாடநூலையோ ஆசிரியரையோ கேட்டே எழுதவேண்டும். பின்னர் இடப்புறத்துக்கு வந்தோம். அவள் முதலில் எழுதியது, "குற்றியலுகரத்தின் வகைகள்". அது தலைப்பு, வினாவன்று. தலைப்புக்கு எவரும் பிழையாக விடை கூற முடியாது. ஆதலின் அது எவரையும் சோதிப்பதுமில்லை. அதனை அழித்து மூன்று வினாக்களை எழுதினாள்:

"நாடு குறுகும், நடு குறுகாது, ஏன்?"

"வகையின் பெயர் எவ்வெழுத்தை நோக்கி வந்தது?"

"நாடு நெடிற்றொடர், பலாசு ஏன் உயிர்த்தொடர்?"

மூன்றாவது வினாவே அவளைத் திகைக்க வைத்தது. நெடில் எங்கு வந்தாலும் நெடிற்றொடர் என அவள் எண்ணியிருந்தாள். நெடில் தனித்து முன்னிற்கும் ஈரெழுத்துச் சொல்லே நெடிற்றொடர் என்பது பழைய குறிப்பில் எங்கும் இல்லை. வினா எழுதப் புகுந்தபோதே அக்குறை வெளிப்பட்டது.

இறுதியாகக் கொப்பியை மூடிவைத்துச் சுருக்கம் எழுதச் சொன்னோம். பார்த்து எழுதுவது சுருக்கமாகாது, பிரதியாகும். அவள் எழுதியது இது: "வல்லின மெய்யின்மேல் ஏறிச் சொல்லின் ஈற்றில் நிற்கும் உகரம், தனிக்குறிலை அடுத்து வந்தாலன்றி, ஒரு மாத்திரையிற் குறைந்து அரை மாத்திரையாய் ஒலிக்கும். ஈற்றயல் எழுத்தை நோக்கி அது ஆறு வகைப்படும்." இரண்டே வாக்கியங்கள், ஆயினும் அவளுடையவை.

பக்கம் முடிந்ததும் வலப்புறத்தைத் தாளொன்றால் மறைத்து, வினாக்களுக்கு வாய்விட்டு விடை சொல்லவேண்டும். ஒரு கிழமை கழித்து மீண்டும் அவ்வாறே செய்யவேண்டும். இதனைச் செய்யாது விடின் கோடு கிழித்ததன் பயன் கோடு மாத்திரமே. அழகிய கையெழுத்தில் முழுக் கொப்பியையும் படியெடுத்துவிட்டுப் படித்துவிட்டோம் என மகிழ்வாரை யாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

எல்லாப் பக்கங்களுக்கும் இவ்வுழைப்பு வேண்டியதில்லை. மறைத்துக் கேட்டபோது விடை வாராத பக்கங்களை மாத்திரம் புதுக்கினாற் போதும். தெளிவாக எழுதிய பழைய பக்கமாயின் அதனை அப்படியே விட்டு, வினாக்களை மட்டும் தனித் துண்டில் எழுதி ஓரத்தில் ஒட்டலாம். கணக்குப் பாடத்திற் படிகளைச் சுருக்கலாகாது; "இப்படி ஏன் வந்தது?" என ஓரத்திற் கேட்பதே தகும்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலரின் வீடுகளில், தம்பி தங்கையர்க்கெனக் கட்டிவைத்த கொப்பிகள் இன்றும் இருக்கும். அக்கட்டை அவிழ்த்து ஒரு பக்கத்தையேனும் வினாக்கொண்டு சோதித்துப் பாருங்கள். அறுந்த வரியை நிரப்பக்கூடியவர், அப்பாடத்தை அன்று வகுப்பிலிருந்து கேட்டவரே. அவர் நிரப்பாது கொடுத்தால், வாங்குபவர் பெறுவது "தனிக்குறில் – அல்ல" என்னும் அவ்விரு சொற்களே.