"சேமிக்கப்பட்டது" என்பது எப்போது உண்மை?

போன மாதம் எங்கள் லேபில் நண்பன் ஒருவன், இன்டர்னல் மதிப்பெண்களைப் பதியும் தன் புரோகிராமை ஓட்டிக் காட்டினான். ஒவ்வொரு பெயருக்கும் "சேமிக்கப்பட்டது" என்று திரையில் வந்தது. திடீரென்று கரண்ட் போனது. திரும்ப வந்ததும் பார்த்தால் கடைசி ஆறு பேரைக் காணோம். "write() சரியாகத்தானே முடிந்தது, டிஸ்க்தான் கோளாறு" என்றான். கோளாறு டிஸ்கில் இல்லை, திரையில் வந்த அந்த வார்த்தையில்தான் என்பது என் கட்சி.

write() வெற்றி என்றால், கெர்னல் நம் தரவை வாங்கி மெமரியில் வைத்துக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். டிஸ்க் மெதுவானது என்பதால் கெர்னல் தரவைச் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாக எழுதுகிறது. இதுதான் ரைட்-பேக் கேஷிங். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் தரவு சுமார் 30 விநாடி வரை மெமரியிலேயே காத்திருக்கலாம். இடையில் புரோகிராமை `kill -9` போட்டுக் கொன்றாலும் தரவு போகாது, அது கெர்னலிடம் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் சோதனை செய்யும்போது இந்தத் தவறு அகப்படுவதில்லை. கரண்ட் போனால்தான் குட்டு வெளிப்படும்.

டிஸ்குக்குள்ளும் ஒரு சிறிய மெமரி உண்டு. fsync() கெர்னலில் இருப்பதை டிஸ்குக்கு அனுப்பி, அந்த மெமரியையும் காலி செய்யச் சொல்லி, முடியும்வரை காத்திருக்கிறது. ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்:

```c
if (write(fd, buf, n) != n || fsync(fd) != 0)
    return -1;
puts("சேமிக்கப்பட்டது");
```

2009-ல் ext4 புதிதாக வந்தபோது இதே சண்டை பெரிதாக நடந்தது. கணினி திடீரென்று நின்றால் செட்டிங்ஸ் பைல்கள் 0 பைட் ஆகிவிடுவதாக உபுண்டு சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் புகார் செய்தார்கள். பழைய ext3 சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை எழுதிவிடும், அதனால் புரோகிராம்களின் தவறு மறைந்தே இருந்தது. ext4 எழுதுவதைத் தள்ளிப்போட்டதும் அது வெளியே வந்தது. ext4-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான தியடோர் சோ, fsync() கூப்பிட வேண்டியது புரோகிராமின் வேலை என்றார். இருந்தாலும் பழைய பைலின் மேல் rename() செய்யும் இடங்களுக்கு ஒரு பாதுகாப்பையும் சேர்த்தார். நண்பனைப் போல பைலின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு அது உதவாது.

"fsync() மெதுவாச்சே" என்பார்கள். உண்மைதான். சுழலும் டிஸ்கில் ஒவ்வொரு முறையும் பல மில்லிவிநாடிகள் ஆகும். ஒவ்வொரு எழுத்துக்கும் கூப்பிட்டால் புரோகிராம் நொண்டும். ஆனால் 60 மாணவர்களுக்கு ஆளுக்கு ஒருமுறை கூப்பிட்டால் மொத்தமே ஒன்றிரண்டு விநாடிதான். என் விதி எளிது: பயனரிடம் வாக்குக் கொடுக்கும் இடத்தில் மட்டும் கூப்பிடுங்கள். காலி செய்யாமலே "செய்துவிட்டேன்" என்று சொல்லும் டிஸ்க் இருந்தால் fsync()-ஆலும் காப்பாற்ற முடியாது. ஆனால் அது டிஸ்கின் பொய், நம்முடையது அல்ல.

உங்கள் புரோகிராமையும் ஒருமுறை சோதித்துப் பாருங்களேன்:

```
strace -e trace=write,fsync ./marks
```

"சேமிக்கப்பட்டது" வருவதற்கு முன் fsync வரி வரவில்லையென்றால், அதுவும் பொய்தான் சொல்கிறது.