வேலை கிடைச்சும் போன் நிக்கலே! பயோடேட்டாவை அழிக்கச் சொல்வது எப்படி?

சென்னை நகரில் வேலை தேடி ஒரு முறை பயோடேட்டா கொடுத்தவர்களுக்கு, வேலை கிடைத்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. "சார், ஒரு நல்ல ஓப்பனிங் இருக்கு" என்று காலையிலும் மாலையிலும் போன். "வேணாம்மா" என்று சொன்னாலும் அடுத்த வாரம் வேறு ஒரு பெண் குரல் பேசுகிறது.

போன் தொல்லை மட்டும் என்றால் பொறுத்துக் கொள்ளலாம். சிலருக்கு இருக்கிற வேலைக்கே உலை வைத்துவிடுகிறது இந்த பயோடேட்டா.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 27 வயது வாலிபருக்கு நேர்ந்தது இதுதான். அவர் 2022-ம் ஆண்டு வேலை தேடியபோது, நகரில் உள்ள ஒரு கன்சல்டன்சியில் பயோடேட்டா கொடுத்தார். 2023-ல் வேறு வழியாக இப்போதைய வேலை கிடைத்தது. 2025-ல் அதே கம்பெனி கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்டது. கன்சல்டன்சி 10 பயோடேட்டாக்களை அனுப்பி வைத்தது. அதில் இவருடையதும் ஒன்று!

மானேஜர் கூப்பிட்டு, "என்னப்பா, கம்பி நீட்டப் பார்க்கிறியா?" என்று கேட்டார். வாலிபர் திரு திரு என்று விழித்தார்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பழைய பயோடேட்டாவை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முந்திக்கொண்டு அனுப்புகிறவருக்குத்தான் கமிஷன் என்பதால், ஆளைக் கேட்டு அனுப்ப நேரம் ஏது?

"வேணாம்" என்றால் ஏன் நிற்பதில்லை?

வாலிபர் முதலில் போனில் சத்தம் போட்டார். பலிக்கவில்லை. காரணம் எளிது. போன் பேசும் பெண்ணிடம் இருப்பது ஒரு எக்செல் ஷீட். அதில் அவர் பெயருக்கு நேராக "விருப்பம் இல்லை" என்று குறிக்கத்தான் அந்தப் பெண்ணால் முடியும். பெயரை அழிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. சில மாதம் கழித்து அதே ஷீட் வேறு ஒருவர் கைக்குப் போகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

அடுத்து, போன் செய்த பெண்ணின் இ-மெயிலுக்கே எழுதினார். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய் 2 மாதம் ஆகிவிட்டது. கடிதம் யார் கண்ணிலும் படவில்லை.

டெலிபோனில் விளம்பர அழைப்பைத் தடுக்கும் 1909 பதிவும் இவருக்குக் கைகொடுக்கவில்லை. கன்சல்டன்சிக்காரர்கள் பேசுவது சாதாரண 10 இலக்க செல் நம்பரிலிருந்து. நம்பரை பிளாக் செய்தால் அடுத்த நம்பர் வரும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

மூன்றாவதாக அவர் எழுதிய கடிதம்தான் வேலை செய்தது. அதை அலுவலகத்தின் பொது முகவரிக்கும், நிர்வாகிக்கும் சேர்த்து அனுப்பினார். கடிதம் வருமாறு:-

"ஐயா, 2022 ஜூன் மாதம் தங்களிடம் வேலைக்காக என் விவரங்களைக் கொடுத்திருந்தேன். அப்போது கொடுத்த செல் நம்பரும் இ-மெயில் முகவரியும் கீழே உள்ளன. தங்கள் முயற்சிக்கு நன்றி. நான் இப்போது வேலை தேடவில்லை. ஆகவே அன்று கொடுத்த சம்மதத்தை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன். என் பயோடேட்டா, சம்பள விவரம், சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் தயவுசெய்து நீக்கிவிடவும். மறுபடி அழைப்பு வராமல் இருக்க என் நம்பரையும் இ-மெயிலையும் மட்டும் 'அழைக்கக் கூடாதவர்' பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். என் விவரம் வேறு யாருக்காவது கொடுக்கப்பட்டிருந்தால் தெரிவிக்கவும். நீக்கியதை 15 நாளில் ஒரு வரி பதிலாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்."

இதில் கவனிக்க வேண்டியது அந்த 'அழைக்கக் கூடாதவர்' பட்டியல். சிலர் "என்னைப் பற்றி ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது" என்று கோபமாக எழுதுகிறார்கள். அப்படியே அவர்களும் துடைத்து அழித்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த மாதம் வேறு எங்கிருந்தோ அதே பயோடேட்டா வரும்போது, 'இவர் வேண்டாம் என்றவர்' என்று அடையாளம் காண அங்கே எதுவும் இருக்காது. புது ஆள் என்று நினைத்து மறுபடி போன் போடுவார்கள். அழிப்பதும், அழைக்காமல் இருப்பதும் இரண்டு தனித்தனி கோரிக்கை. இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பதிவில் இருக்கும் பழைய நம்பரையும் பழைய இ-மெயிலையும் குறிப்பிடாவிட்டால், "உங்க பேர்ல எதுவும் இல்லீங்க" என்று பதில் வரும். அது பொய்யாகவும் இருக்காது. புது நம்பரைப் போட்டுத் தேடினால் பழைய ஆள் கிடைக்கமாட்டார்.

"அடையாளத்துக்கு ஆதார் நகல் அனுப்புங்க" என்று கேட்டால் கொடுக்க வேண்டாம். பதிவில் உள்ள இ-மெயிலிலிருந்தே எழுதினால் அதுவே போதுமான அடையாளம். அழிக்கச் சொல்லப் போய், புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டு வரும் கதை எதற்கு? ஓ.டி.பி. கேட்டால் அது கன்சல்டன்சியே அல்ல, மோசடி ஆசாமி.

சட்டம் என்ன சொல்கிறது?

மிரட்டி எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்கவும், விவரத்தை அழிக்கச் சொல்லவும் அதில் உரிமை இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, வாபஸ் வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு.

ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. இந்த உரிமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்பது அறிவிப்பு. அதன் பிறகும் முதலில் அந்த அலுவலகத்திடமே புகார் செய்ய வேண்டும். அவர்களுக்கு அதிகபட்சம் 90 நாள் அவகாசம். தீராவிட்டால்தான் தகவல் பாதுகாப்பு வாரியம்.

ஆகவே அந்தத் தேதிக்கு முன்னால் இந்தச் சட்டத்தைக் காட்டி அதட்டுகிறவர் குண்டு இல்லாத துப்பாக்கியைத் தூக்குகிறார். விஷயம் தெரிந்த கன்சல்டன்சிக்காரர் சிரித்துவிட்டு கடிதத்தை ஓரம் வைப்பார். நாளைக்கு வேறு வேலை வேண்டுமென்றால் அதே வாசலில் நிற்க வேண்டி வரலாம் என்பதும் இருக்கிறது. பணிவு இங்கே வெறும் மரியாதைக்காக அல்ல.

சம்பளம் காட்டிக் கொடுத்தது

வாலிபருக்கு 9-ம் நாள் "நீக்கிவிட்டோம்" என்று பதில் வந்தது. அப்பாடா என்று இருந்தார். இரண்டு வாரத்தில் மறுபடி போன்!

அவர் கோபப்படாமல், "என் சம்பளம் எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். "வருஷத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் சார்" என்றது மறுமுனை. அது இப்போதைய சம்பளம். 2022-ல் கன்சல்டன்சியில் கொடுத்தது 3 லட்சத்து 60 ஆயிரம். ஆக, இது கன்சல்டன்சி வேலை அல்ல. அவரே ஒரு வேலைத் தேடல் தளத்தில் பதிந்துவிட்டு மறந்துபோன விவரம், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி திறந்து கிடந்தது. அன்றிரவே உள்ளே போய், கம்பெனிகள் பார்க்க முடியாதபடி அதை மூடினார். போன் அடியோடு குறைந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு அழைப்பு. இந்த முறை சொன்ன சம்பளம் 3 லட்சத்து 60 ஆயிரம். பேசியவர் வீட்டிலிருந்தே கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் ஒருவர். 2022-ல் கன்சல்டன்சியிலிருந்து வாட்ஸ்-அப்பில் வந்த பழைய ஷீட்டை அவர் இன்னும் வைத்திருந்தார். "அவங்க அழிச்சா எனக்கென்ன சார் தெரியும்?" என்றார் அவர்.

வாலிபர் அவருடைய இ-மெயிலைக் கேட்டு வாங்கி, அதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்பினார். அதற்கு நகல் கன்சல்டன்சி நிர்வாகிக்கும் போனது.